ராசிச் சின்னத்தின் முன் நம்மையே கேட்டுக்கொள்ளுதல்: உங்கள் அனுபவங்கள்

செம்பருத்தி:
பலன் அறிவதற்காக அல்லாமல், தம் மனத்தைத் தாமே உற்றுப் பார்ப்பதற்காக ராசிச் சின்னங்களைப் பயன்படுத்தியவர்கள் தங்கள் அனுபவத்தை எழுதுமாறு கேட்டுக்கொள்கிறேன். என்னுடையதை முதலில் எழுதுகிறேன்.

அலுவலகத்தில் எனக்குப் பதவி உயர்வு தர முன்வந்தார்கள். ஏற்பதா மறுப்பதா என்று முடிவெடுக்க இயலாமல் உறக்கம் கெட்ட நிலையில் மனநல ஆலோசகர் ஒருவரைச் சந்தித்தேன். அவர் பன்னிரண்டு சின்னங்களின் படங்களையும் கவிழ்த்து வைத்து ஒன்றை எடுக்கச் சொன்னார். துலாம் வந்தது. அது என் ராசியன்று. என் ராசி எதுவென்று அவர் கேட்கவுமில்லை. “இந்த இரண்டு தட்டுகளிலும் இப்போது என்னென்ன இருக்கின்றன என்று எழுதுங்கள். பிறகு, இந்தத் தராசைப் பிடித்திருக்கும் கை யாருடையது என்றும் எழுதுங்கள்” என்று மட்டுமே சொன்னார்.

ஏற்பதற்கான தட்டில் நிறைய எழுதினேன்: கணவர் உறவினர்களிடம் பெருமையாகச் சொல்லிவிட்டது, என்னைப் பரிந்துரைத்த மேலாளருக்கு நான் பட்டிருக்கும் நன்றிக்கடன், அப்பா இருந்திருந்தால் எவ்வளவு மகிழ்ந்திருப்பார் என்ற எண்ணம். மறுப்பதற்கான தட்டில் ஒரே ஒரு வரிதான் இருந்தது: “வடிவமைப்பு வேலையை இனி என் கையால் செய்ய முடியாது.” திரும்பப் படித்தபோதுதான், நிறைந்திருந்த தட்டில் என்னுடைய விருப்பம் என்று ஒன்றுகூட இல்லை என்பதும், எனக்கே உரிய ஒரே வரி எதிர்த்தட்டில் தனியாகக் கிடந்தது என்பதும் தெரிந்தன. தராசைப் பிடித்த கை என்ற இடத்தில் யோசிக்காமலேயே “அப்பா” என்று எழுதியிருந்தேன். ஏற்கவோ மறுக்கவோ அந்தத் தாள் எனக்குச் சொல்லவில்லை. ஆனால், வடிவமைப்பில் ஒரு பகுதியை நானே வைத்துக்கொள்ள இயலுமா என்று மேலாளரிடம் கேட்க வேண்டும் என்பது அதற்குமுன் எனக்குத் தோன்றாத ஒன்று. கேட்டேன், பேச்சு இன்னும் நடந்துகொண்டிருக்கிறது.

கடலோடி:
அருமையான பகிர்வு, சகோதரி. இதில் வியக்க ஒன்றுமில்லை என்பது என் கருத்து. உளவியலாளர் கார்ல் யுங் நூற்றுக்கணக்கான தம்பதியரின் ஜாதகங்களை ஆராய்ந்து, கிரகங்களுக்கும் திருமணத்துக்கும் தொடர்பு உண்டென்று நிறுவியே இருக்கிறார். ஆகவே துலாம் உங்கள் கைக்கு வந்ததும் தற்செயல் என்று நான் நினைக்கவில்லை.

பழைய ஆசிரியர்:
நண்பர் கடலோடி சொல்வதில் பாதி உண்மை. யுங் அந்த ஆய்வைச் செய்தார், 1952-இல் வெளியிட்டார். முதலில் 180 தம்பதியரை எடுத்துக்கொண்டபோது, ஒருவருடைய சந்திரன் மற்றவருடைய சூரியனோடு சேர்ந்திருப்பது முன்னணியில் நின்றது. அடுத்த 220 தம்பதியரில் வேறொரு சேர்க்கை முன்னணிக்கு வந்தது. கடைசி 83 தம்பதியரில் மூன்றாவதாக இன்னொன்று. எல்லாவற்றையும் ஒன்றாகச் சேர்த்தபோது முதலில் தெரிந்த ஏற்றம் தேய்ந்துபோயிற்று. இதை யுங் மறைக்கவில்லை. அவர் 1911-இலேயே ஃபிராய்டுக்கு எழுதிய கடிதத்தில், ஜாதகக் கணக்கில் உளவியல் உண்மைக்கான தடயத்தைத் தேடுவதாகக் குறிப்பிட்டவர்; ராசிச் சின்னங்களை மனித மனம் தன் உள்ளடக்கத்தை வானத்தின் மீது ஏற்றிப் பார்த்ததன் பதிவாகவும் அவர் கண்டார். செம்பருத்தி அவர்களின் அனுபவம் இந்த இரண்டாவது பார்வையோடுதான் சேரும்.

ஆலோசகர் குலுக்கலில் எடுக்கச் சொன்னதை நான் மிகவும் மதிக்கிறேன். உங்கள் சொந்த ராசியைத் தந்திருந்தால், அதைப் பற்றி நீங்கள் சிறுவயது முதல் கேட்டுவந்ததைத்தான் எழுதியிருப்பீர்கள்.

மகரத்தார்:
அது என் கதையேதான். மகர ராசிக்காரன் பிடிவாதக்காரன், எதையும் வெளியே சொல்லமாட்டான் என்று வீட்டில் சொல்லிச் சொல்லியே வளர்த்தார்கள். தங்கை அழுதால் தேற்றுவார்கள். நான் அழுதால் “மகரம் அழாதே” என்பார்கள். இன்று நான் உண்மையிலேயே எதையும் வெளியே சொல்வதில்லை. மேல்நாட்டுக் கணக்கின்படி சூரியனை வைத்துப் பார்த்தால் நான் மிதுனமாம், பேச்சில் வல்லவனாம். முதன்முதலில் அதைப் படித்தபோது, என்னிடமிருந்து எதையோ வாங்கி வைத்துக்கொண்டதைப் போன்ற கோபம் வந்தது. பிறப்பினால் வந்த குணமா, சொல்லி வளர்த்ததால் வந்த குணமா என்பதை இனி யார் பிரித்துச் சொல்ல முடியும்?

பழைய ஆசிரியர்:
உங்கள் ஒருவர் விஷயத்தில் எவராலும் பிரிக்க இயலாது, ஐயா. பலரைச் சேர்த்துப் பார்த்தபோது ஒரு குறிப்பு கிடைத்தது. 1978-இல் உளவியலாளர் ஐசென்க்கும் அவருடன் பணியாற்றியவர்களும் ராசிக்கும் கலகலப்பான இயல்புக்கும் தொடர்பு இருப்பதாகக் கண்டார்கள். பின்னர் கவனித்தபோது, தம் ராசியின் குணங்களை முன்பே அறிந்திருந்தவர்களிடம்தான் அந்தத் தொடர்பு தென்பட்டது. அறியாதவர்களிடம் அது காணப்படவில்லை. நீங்கள் அடைந்த கோபமே ஒரு நல்ல தொடக்கம். மிதுனத்தின் விளக்கத்தில் எந்த வரி அந்தக் கோபத்தை எழுப்பியது என்று குறித்துவைத்துக்கொண்டு, அந்த வரியைப் பொய்யாக்கும் அல்லது மெய்யாக்கும் ஒரு நிகழ்ச்சியை எழுதிப் பாருங்கள்.

அன்பன்73:
வணக்கம். நான் விருச்சிக ராசி. இடமாற்றம் கேட்டு விண்ணப்பித்திருக்கிறேன். எப்போது கிடைக்கும் என்று இங்கு யாராவது சொன்னால் நன்றியுடையவனாக இருப்பேன்.

செம்பருத்தி:
அன்பன் அவர்களே, இங்கு நாங்கள் வருங்காலம் சொல்வதில்லை. விருப்பமிருந்தால், தேளின் படத்தைப் பார்த்து, இந்த இடமாற்றத்தைக் கேட்க வைத்த கொட்டு எது, அதைக் கொட்டியவர் யார் என்று உங்களுக்காக மட்டும் எழுதிப் பாருங்கள்.

அன்பன்73:
எழுதினேன். இடமாற்றத்தைப் பற்றி ஒரு வரியும் வரவில்லை. என் மேலதிகாரியைப் பற்றி மட்டுமே ஒரு பக்கம் வந்திருக்கிறது. இருந்தாலும், எப்போது கிடைக்கும் என்று தெரிந்தால் நன்றாக இருக்கும்.

இளவேனில்:
எனக்கு ஓர் ஐயம். நானும் ஒரு படத்தை எடுத்தேன், கடகம் வந்தது. “வெளியே கடினமாகத் தோன்றினாலும் உள்ளே நான் மென்மையானவள்” என்று எழுதியபோது கண்ணீரே வந்துவிட்டது. இது என்னைப் பற்றிய உண்மைதானே?

பழைய ஆசிரியர்:
உண்மையாக இருக்கலாம், அம்மா. ஆனால் உலகில் பெரும்பாலோர் அந்த வரியைத் தமதென்றே சொல்வார்கள். 1948-இல் ஃபோரர் என்ற உளவியலாளர் தம் மாணவர்கள் 39 பேருக்கு ஆளுமைச் சோதனை வைத்து, ஒவ்வொருவருக்கும் தனித்தனி முடிவு என்று சொல்லி ஒரே தாளைக் கொடுத்தார். கடையில் விற்கும் ஒரு சோதிட நூலிலிருந்து எடுத்த வரிகள் அதில் இருந்தன. ஐந்துக்குச் சராசரியாக 4.26 மதிப்பெண் அளித்து, தமக்குப் பொருந்துவதாக அவர்கள் ஒப்புக்கொண்டார்கள். ஆகையால் கண்ணீரை நான் சான்றாகக் கொள்வதில்லை. எழுதிய வரியில் ஒரு மனிதரும் ஒரு நாளும் ஒரு செயலும் இருக்கின்றனவா என்று பார்ப்பேன். “மென்மையானவள்” என்பதில் அவை இல்லை. செம்பருத்தியின் தாளில் அப்பா இருந்தார், மேலாளர் இருந்தார், கைவிட வேண்டிய வேலை இருந்தது. அவற்றைச் சோதிடமும் சின்னமும் கொடுக்கவில்லை.

இன்னொரு சோதனையும் உண்டு. சில நாள் கழித்து வேறொரு சின்னத்தை எடுத்து, அதே சிக்கலைப் பற்றி எழுதுங்கள். நண்டைக் கண்டால் அதன் ஓடு, வில்லைக் கண்டால் இலக்கு என்று படத்துக்குப் படம் பதில் மாறினால், படம்தான் பேசியிருக்கிறது. வெவ்வேறு படங்களின் முன்னும் அதே மனிதரும் அதே அச்சமும் வந்து நின்றால், அது உங்களுடையதாக இருக்கக் கூடும். சின்னம் உங்களை விட்டுவிட்டு உங்கள் கணவரின் குணத்தை விளக்கத் தொடங்கினாலோ, நீங்கள் எழுதும் வாக்கியங்கள் “நடக்கும்”, “கிடைக்கும்” என்று முடியத் தொடங்கினாலோ அன்றைக்குத் தாளை மூடிவிடுங்கள்.

கடலோடி:
அப்படியானால் ராசி எதற்கு? மை சிந்திய காகிதமே போதுமே. ரோர்ஷாக் 1921-இல் பத்து மைக்கறைப் படங்களை வைத்து அதைத்தானே செய்தார்?

பழைய ஆசிரியர்:
ரோர்ஷாக் படங்களில் பதில்களை மதிப்பிடப் பயிற்சி பெற்ற ஒருவர் வேண்டும். இங்கு எழுதியவரே தமக்காகப் படிக்கிறார். ஆனாலும் உங்கள் கேள்வி நியாயமானது. எந்தப் படமும் இதற்கு உதவலாம். தராசு, தேள், குடம் ஆகியவை எல்லோருக்கும் தெரிந்தவை என்பதால் எழுதத் தயங்குவோருக்கும் சொல் எளிதில் வருகிறது. அதே காரணத்தால் பழகிய சொற்களே வருகின்றன. இவற்றில் எது மிகுதி என்பதில் எனக்கு இன்னும் முடிவான கருத்து இல்லை.

மகரத்தார்:
நேற்று இரவு மிதுனத்தின் விளக்கத்தை எடுத்து, கோபம் வந்த வரியைக் குறித்தேன். “மனத்தில் பட்டதை உடனே சொல்லிவிடுவார்” என்பதுதான் அது. தங்கையின் திருமணத்தன்று நான் சொல்லாமல் விட்ட ஒன்றைப் பற்றி எழுதத் தொடங்கியிருக்கிறேன். அது முடிந்தபின் வேறு சின்னத்தையும் எடுத்துப் பார்க்கிறேன்.