பந்தியில் இலையை இழுத்தவர் வந்து மன்னிப்புக் கேட்டார்: உங்கள் வீட்டில் எப்படி?

கவுந்தப்பாடி மருமகள்
எங்கள் குலதெய்வக் கோயில் கிடா விருந்தில் நடந்தது. என் கொழுந்தனார் நல்ல போதையில் இருந்தார். பந்தியில் முதல் வரிசையில் உட்கார்ந்திருந்த என் அப்பாவின் இலையைச் சோறோடு இழுத்துவிட்டு, "அஞ்சு பவுன்னு சொல்லி மூணு போட்டவருக்கு முன்வரிசை கேக்குதா?" என்று கத்தினார். கறிக்குழம்பு அப்பாவின் வேட்டியில் வழிந்தது. அப்பா ஒன்றும் சொல்லாமல் எழுந்து கை கழுவப் போய்விட்டார்.

மறுநாள் காலை போன் வந்தது. "போதைல ஏதோ பேசிட்டேன் மாமா, மனசுல வச்சுக்காதீங்க." அப்பா "சரிங்க மாப்ள" என்று வைத்துவிட்டார். ஆனால் அதற்குப்பிறகு எங்கள் வீட்டுக்கு வருவதையே நிறுத்திக்கொண்டார்.

கொஞ்ச நாள் கழித்து கொழுந்தனார் அப்பா வீட்டுக்கே தனியாகப் போனார். துணைக்குப் பெரியவர்களையும் கூட்டிப்போகவில்லை, ஆப்பிள் பையும் வாங்கிப்போகவில்லை. "மாமா, பந்தில உங்க இலையை இழுத்தேன். அத்தனை பேர் முன்னால பவுன் பேச்சை எடுத்தேன். அதைப் பேச எனக்கு உரிமையே இல்ல. தப்பு என்னுது. நீங்க இப்ப எதுவும் சொல்ல வேண்டியதில்லைங்க." அவ்வளவுதான். குடித்திருந்தேன் என்ற வார்த்தையே அவர் வாயில் வரவில்லை என்று அம்மா ஆச்சரியப்பட்டுச் சொன்னார். இந்த மாதிரி உங்கள் வீடுகளில் நடந்ததுண்டா?

திருப்பூர் செல்வம்
தாமதம் பண்ணியதுதான் தப்புங்க. விடிந்ததும் போய் காலில் விழுந்திருந்தால் அன்றைக்கே முடிந்திருக்கும். என் பங்காளி அப்படித்தான் செய்தார், மத்தியானம் ஒன்றாகச் சாப்பிட்டோம்.

குடியை விட்டவன்
சீக்கிரம் போவது நல்லதுதான். ஆனால் காலில் விழுந்தால் எதிரில் நிற்பவருக்கு வேறு வழியே இருக்காது, "சரி எந்திரி" என்றுதான் சொல்லியாக வேண்டும். அதை மன்னிப்பு என்று எடுத்துக்கொள்ள முடியாது.

குடியை விட நினைப்பவர்கள் ஒன்றுகூடும் ஏ.ஏ. கூட்டங்களுக்கு நான் பல வருடமாகப் போகிறவன். அங்கே 12 படிகளில் எட்டாவது, யாரையெல்லாம் நோகடித்தோம் என்று பட்டியல் போடுவது. ஒன்பதாவது, நேரில் போய்ச் சரிசெய்வது. அதிலேயே ஒரு விலக்கும் உண்டு: போவதால் அவருக்கோ வேறு யாருக்கோ இன்னும் காயம் என்றால் போகக்கூடாது.

உங்கள் கொழுந்தனார் போனில் சொன்னதைப் பாருங்கள். "ஏதோ பேசிட்டேன்" என்பதில் என்ன பேசினார் என்பதே இல்லை. "மனசுல வச்சுக்காதீங்க" என்பது உங்கள் அப்பாவுக்கு ஒரு வேலை கொடுப்பது. நேரில் போனபோது இரண்டும் இல்லை, அதனால்தான் அது எடுபட்டது.

இன்னொன்று, "எனக்கு ஞாபகமே இல்லை" என்பது சில நேரம் பொய்யில்லை. வெறும் வயிற்றில் வேகமாகக் குடித்தால் ஆள் நடப்பார், சண்டை போடுவார், ஆனால் மூளை எதையும் பதிவு செய்யாது. அப்படி ஆனால், குடிக்காமல் இருந்த ஒருவரிடம் முதலில் முழுசாகக் கேட்டுக்கொள்ள வேண்டும். பாதிக்கப்பட்டவரிடமே போய் "நான் என்ன பண்ணேன்?" என்று கேட்டால், அவரை இன்னொரு தடவை அந்தப் பந்தியில் உட்கார வைத்த மாதிரி. கேட்டுத் தெரிந்துகொண்டதை "எனக்கு நினைவில்லை, ஆனால் இதை நான்தான் செய்தேன்" என்று சொன்னால் போதும்.

பிரியா, கரூர்
என் வீட்டுக்காரரும் இப்படித்தான். எந்த விசேஷத்துக்குப் போனாலும் கத்துவார், மறுநாள் கல்லும் கரையும்படி அழுவார். அடுத்த விசேஷத்தில் அதேதான். எப்படிப் பேசினால் நிறுத்துவார் என்று சொல்லுங்களேன்.

குடியை விட்டவன்
அம்மா, அது வேறு விஷயம். மன்னிப்பு வார்த்தையால் குடி நிற்காது. உங்கள் ஊர் அரசு மருத்துவமனையில் மனநலப் பிரிவில் விசாரியுங்கள். குடிப்பவர்களின் வீட்டாருக்கு அல்-அனான் என்று தனிக் கூட்டம் உண்டு, அவர் வராவிட்டாலும் நீங்கள் போகலாம். ஒன்று மட்டும், தினமும் குடிப்பவர் என்றால் வீம்புக்குச் சட்டென்று நிறுத்தச் சொல்லாதீர்கள். வலிப்புகூட வரலாம், டாக்டர் பார்வையில் நிறுத்தவேண்டும்.

திருப்பூர் செல்வம்
அதெல்லாம் சரிங்க. பந்தியில் நாலு பேர் முன்னால் அவமானம், மன்னிப்பு மட்டும் வீட்டுக்குள்ளேயா? பார்த்தவர்களுக்கு எப்படித் தெரியும்?

கவுந்தப்பாடி மருமகள்
அண்ணா, அதையும் கேட்டார். "கோயில்ல எல்லார் முன்னாலயும் சொல்லட்டுமாங்க மாமா?" என்று. அப்பா வேண்டாம் என்றார், பவுன் பேச்சு மறுபடி கிளம்பும் என்பதால். பிறகு அன்றைக்குப் பக்கத்து இலைகளில் இருந்தவர்களுக்கு மட்டும், அப்பாவின் சம்மதத்தோடு, கொழுந்தனாரே போன் செய்து "மாமா மேல தப்பில்ல, நான்தான்" என்று சொன்னார். பவுனைப் பற்றிப் பேசவில்லை.

இப்போது விசேஷங்களில் கொழுந்தனார் மோர் குடித்துவிட்டுச் சீக்கிரமே கிளம்பிவிடுகிறார். அப்பா எங்கள் வீட்டுக்கு வர ஆரம்பித்துவிட்டார். கோயில் பந்திக்கு மட்டும் இன்னும் வரமாட்டேன் என்கிறார். நாங்களும் கூப்பிட்டுப் பார்த்துவிட்டு விட்டுவிடுகிறோம்.