எதிரெதிர் பக்கத்தில் வரிகள் படிக்கட்டாக இறங்கிய அனுபவம் யாருக்காவது உண்டா?

பக்கம்கட்டி:
போன மாதம் ஒரு கட்டுரைத் தொகுப்புக்கு லேஅவுட் செய்தேன். எழுத்து 11 பாயிண்ட், வரிக்கு வரி லீடிங் 15. டம்மியைப் பிரித்த எழுத்தாளர் இரண்டு பக்கத்துக்கும் குறுக்கே ஸ்கேலை வைத்து, "ஏன் தம்பி, இந்தப் பக்கம் மட்டும் இறங்கிக் கிடக்கு?" என்றார்.

இடது பக்கத்தில் ஒரு உபதலைப்பு இருந்தது, வலதில் இல்லை. உபதலைப்புக்கு லீடிங் 18, மேலே 12, கீழே 6 விட்டிருந்தேன். ஆக 36. இரண்டு வரிக்கு 30, மூன்று வரிக்கு 45. மிச்சம் 6 பாயிண்ட் அப்படியே பக்கத்தின் அடிவரை இறங்கிவிட்டது. தாள் வேறு மெல்லிசு. பின்பக்க வரிகள் இந்தப் பக்கத்தின் வரி இடைவெளிகளில் நிழலாகத் தெரிந்தன.

InDesign-இல் வரிகள் உட்காரும் கோடுகளான கிரிட்டை 15 ஆக்கி, உடல் எழுத்துக்கு மட்டும் Align to Baseline Grid போட்டேன். வரிகள் நேராகிவிட்டன. ஆனால் உபதலைப்பு இப்போது மேல் பத்தியோடு ஒட்டிக்கொண்ட மாதிரி தெரிகிறது.

நெல்லைமை:
இதுக்கு கிரிட்டே வேண்டாமே. Vertical Justification-ல Justify வெச்சா ரெண்டு பக்கமும் அடியில சமமா நிக்கும்.

ஈயஎழுத்து:
கடைசி வரி சமமாக நிற்கும், சரிதான். நடுவில் உள்ள வரிகள்? இடைவெளியை இழுத்து நிரப்புவதால் அவை இன்னும் தாறுமாறாகும்.

பக்கம்கட்டி, அடுத்த வரி கிரிட் கோட்டுக்குப் போக 9 பாயிண்ட் கீழே தாவியிருக்கிறது. அதனால் தலைப்புக்குக் கீழே 15, மேலே 12 ஆகிவிட்டது. மேலே 18, கீழே 9 வையுங்கள், லீடிங்கோடு 45. தலைப்பு தன் பத்தியோடு சேர்ந்துவிடும். ஆனாலும் கிரிட்டை எடுத்துவிடாதீர்கள். தலைப்பு பக்கத்தின் உச்சியில் வந்தால் அந்த 18 காணாமல் போகும், கணக்கு மறுபடி உதைக்கும்.

இன்னொன்று: லீடிங்கை யாராவது 15.5 ஆக்கினால் வரிகள் ஒன்றுவிட்டு ஒரு கோட்டில் உட்காரும். பக்கம் திடீரென இரட்டிப்பு இடைவெளியானால் முதலில் அதைப் பாருங்கள்.

மலர்_டிடிபி:
எனக்கும் இதே தலைவலிதாங்க! வலது ஓரம் நேரா வரவே மாட்டேங்குது, நீளமான சொல் வந்தா நடுவுல ஓட்டை ஓட்டையா இடம் விழுது.

ஈயஎழுத்து:
அது வேறும்மா, சொல் பிரிக்கிற சிக்கல். தனியாகக் கேளுங்க.

பக்கம்கட்டி:
18, 9 வைத்துப் பார்த்தேன், தலைப்பு சரியாக உட்கார்ந்துவிட்டது. அடிக்குறிப்புதான் பாக்கி. எழுத்து 9, லீடிங் 12.

ஈயஎழுத்து:
அதைக் கிரிட்டில் கட்டாதீர்கள், ஒவ்வொரு வரியும் 15-க்குத் தாவி அகலமாகிவிடும். 12 × 5 = 60, அது உங்கள் 4 வரி. ஐந்து வரிக் குறிப்பென்றால் அதிர்ஷ்டம். மூன்று வரி வந்தால் நான் மேலே விடும் இடத்தைக் கூட்டிச் சமாளிப்பேன்.

நெல்லைமை:
அடிக்குறிப்பை எவன் சார் ஸ்கேல் வெச்சுப் பாக்கப் போறான்?

பக்கம்கட்டி:
எங்கள் எழுத்தாளர் பார்ப்பார்.