31-ஆம் தேதி சேர்ந்தவருக்கு மார்ச்சில் இரண்டு தடவை பணம் போகிறது, ஏப்ரலில் போகவே இல்லை

கடைக்கணக்கு:
சின்னக் கடைகளுக்கான ஸ்டாக் மென்பொருள் நடத்துகிறோம், மாதம் 599 ரூபாய், ஆட்டோ டெபிட். ஒரு வாடிக்கையாளர் 2025 ஜனவரி 31 அன்று சேர்ந்தார். அதற்கப்புறம் பணம் போன தேதிகள் என்று பேங்க் மெசேஜ்களை வரிசையாக அனுப்பியிருக்கிறார்: மார்ச் 1, மார்ச் 31, மே 1. பிப்ரவரியில் ஒன்றும் இல்லை, மார்ச்சில் இரண்டு, ஏப்ரலில் ஒன்றும் இல்லை, இது என்ன கணக்கு என்கிறார். 31 இல்லாத மாதத்தில் எந்தத் தேதியில் எடுப்பது சரி? எங்கள் ஆடிட்டர் எல்லாரையும் 1-ஆம் தேதிக்கு மாற்றிவிடச் சொல்கிறார்.

ரவி_திருப்பூர்:
இது எல்லாரும் விழும் குழி. கடைசியாகப் பணம் எடுத்த தேதியோடு ஒரு மாதம் கூட்டுகிறீர்கள், அதுதான் தப்பு. ஜனவரி 31-ஓடு ஒரு மாதம் கூட்டினால் பைத்தானின் `relativedelta`, போஸ்ட்கிரெஸ் இரண்டும் பிப்ரவரி 28 தரும், அடுத்தது மார்ச் 28, அப்புறம் ஆயுசுக்கும் 28 தான். பிஎச்பியில் `+1 month` போட்டால் பிப்ரவரியைத் தாண்டிக் குதித்து மார்ச் 3-க்குப் போய்விடும், ஜாவாஸ்கிரிப்டின் `setMonth`-உம் அப்படியே. 28-இல் மாட்டிக்கொண்டவருக்கு வருடா வருடம் மூன்று நாள் நஷ்டம். நான் செய்தது எளிது: 29, 30, 31-இல் யார் சேர்ந்தாலும் அவருடைய பில் தேதி 28 என்று பதிந்துவிட்டேன். எல்லா மாதத்திலும் 28 உண்டு, பிரச்சினை முடிந்தது.

நள்ளிரவு_பேட்ச்:
ரவி, நீங்கள் சொன்ன குழி உண்மைதான், ஆனால் இவர் விழுந்தது அதில் இல்லை. அப்படி விழுந்திருந்தால் மெசேஜில் பிப்ரவரி 28, மார்ச் 28 என்று இருக்கும், அல்லது மார்ச் 3, ஏப்ரல் 3 என்று இருக்கும். இவருக்கு வந்திருப்பது 1, 31, 1. தேதி ஒரே இடத்தில் ஒட்டிக்கொள்ளவும் இல்லை, மூன்று நாள் தாண்டவும் இல்லை. மாதக் கடைசியைச் சுற்றி முன்னும் பின்னும் ஒரு நாள் ஆடுகிறது.

இன்னொன்று, வருடா வருடம் மூன்று நாள் நஷ்டம் என்பதும் சரியில்லை. 31-இல் இருந்தவர் 28-க்கு நகர்ந்தால் அந்த ஒரு தடவைதான் மூன்று நாள் போகும், அதன் பிறகு 28-இலிருந்து 28 முழு மாதம்தான்.

கடைக்கணக்கு, அவர் சேர்ந்த நேரத்தைப் பார்த்துச் சொல்லுங்கள், தேதி மட்டும் போதாது. சர்வர் எந்த நேர மண்டலத்தில் ஓடுகிறது என்பதும் வேண்டும்.

செல்வி_மதுரை:
இதைத்தான் நானும் ரொம்ப நாளாகக் கேட்கிறேன்! மாதக் கட்டணம் என்று சொல்லி 28 நாளுக்கு ரீசார்ஜ் போட வைக்கிறார்கள், கணக்குப் பார்த்தால் வருடத்துக்கு 13 தடவை கட்டுகிறேன். அம்மா போன், என் போன், பையன் போன் மூன்றும் வேறு வேறு தேதியில் முடிகிறது, ஒவ்வொரு மாதமும் தேதி முன்னால் நகர்ந்துகொண்டே வருகிறது. மாதம் என்றால் மாதம் என்று வைக்க வேண்டியதுதானே?

நள்ளிரவு_பேட்ச்:
செல்வி அக்கா, நீங்கள் சொல்வது வேறு வகை. அங்கே கட்டணமே 28 நாளுக்கு, காலண்டர் மாதத்துக்கு இல்லை, அதனால் 31-ஆம் தேதிப் பிரச்சினையே அதில் வராது. ஆனால் உங்கள் கேள்வியிலேயே இவருக்கும் ஒரு பதில் இருக்கிறது. 2022 ஜனவரியில் டிராய் போட்ட உத்தரவின்படி ஒவ்வொரு கம்பெனியும் 30 நாள் பிளான் வைத்திருக்க வேண்டும், அதோடு ஒவ்வொரு மாதமும் ஒரே தேதியில் புதுப்பிக்கிற பிளானும் வைத்திருக்க வேண்டும். அந்தத் தேதி ஒரு மாதத்தில் இல்லையென்றால் அந்த மாதத்தின் கடைசித் தேதி என்று உத்தரவே சொல்கிறது. ஆன்லைனில் பணம் வசூலித்துத் தரும் ஸ்ட்ரைப்பும் அதே வழியில்தான் போகிறது: மாதா மாதம் எண்ணத் தொடங்கும் நங்கூரத் தேதி ஜனவரி 31 என்றால் பிப்ரவரி 28 அல்லது 29, அப்புறம் மார்ச் 31, ஏப்ரல் 30. சின்ன மாதத்தில் கடைசி நாளில் நிற்கிறது, பெரிய மாதம் வந்ததும் 31-க்குத் திரும்பிவிடுகிறது. அந்தத் திரும்புதல்தான் முக்கியம்.

கடைக்கணக்கு:
பார்த்தேன். அவர் சேர்ந்தது இரவு 1:52-க்கு, கடையை மூடிவிட்டு உட்கார்ந்து செய்திருக்கிறார். சர்வர் யுடிசியில் ஓடுகிறது. டேட்டாபேஸில் அவருக்கு நங்கூர நாள் 30 என்று இருக்கிறது. 31-இல் சேர்ந்தவருக்கு 30 எப்படி வந்தது?

நள்ளிரவு_பேட்ச்:
அங்கேதான் இருக்கிறது. நம் நேரம் யுடிசியை விட ஐந்தரை மணி முன்னால். இங்கே ஜனவரி 31 இரவு 1:52 என்றால் சர்வருக்கு அது ஜனவரி 30 இரவு 8:22. அதனால் அவர் 30-ஆம் தேதி சேர்ந்தவராகப் பதிவாகிவிட்டார்.

இனி மாதா மாதம் பாருங்கள். பிப்ரவரியில் 30 இல்லை, சர்வர் 28 இரவு 8:22-க்கு எடுக்கிறது, அவர் போனில் அது மார்ச் 1 விடியற்காலை. அடுத்தது சர்வருக்கு மார்ச் 30, அவருக்கு மார்ச் 31. அதற்கடுத்தது சர்வருக்கு ஏப்ரல் 30, அவருக்கு மே 1. மூன்று மெசேஜும் அப்படியே பொருந்துகின்றன. இப்படியே விட்டால் மே 31, ஜூலை 1 என்று வரும், மே மாதத்திலும் இரண்டு தடவை, ஜூனில் ஒன்றும் இல்லை.

உங்கள் மாதக் கணக்கில் தப்பில்லை, நங்கூரத்திலிருந்துதான் கூட்டியிருக்கிறீர்கள். நங்கூரத்தை எந்த ஊர் நேரத்தில் பிடித்தீர்கள் என்பதுதான் தப்பு. முதலில் நம் நேரத்துக்கு மாற்றி, அங்கே மாதத்தைக் கூட்டி, கடைசியில் யுடிசிக்குத் திருப்புங்கள்:

```python
ist = ZoneInfo("Asia/Kolkata")
start = joined_utc.astimezone(ist)
due = start + relativedelta(months=n)
due_utc = due.astimezone(timezone.utc)
```

`n` என்பது சேர்ந்த நாளிலிருந்து எத்தனையாவது மாதம் என்பது. `start` எப்போதும் முதல் தேதியாகவே இருக்க வேண்டும், போன மாதத்துத் தேதியை அதில் வைத்தால் ரவி சொன்ன குழியில் விழுவீர்கள்.

தணிக்கை_மாலா:
கணக்குப் பக்கத்திலிருந்து பேசுகிறேன். மாதா மாதம் வரவு ஒத்துப் பார்க்கும்போது ஒரு ஆள் பிப்ரவரியில் காணாமல் போய் மார்ச்சில் இரண்டு தடவை வந்தால், அதை ஒருவர் உட்கார்ந்து தேட வேண்டும். அதனால்தான் எங்களைப் போன்றவர்கள் 1-ஆம் தேதி கேட்கிறோம், சும்மா கேட்கவில்லை. 29, 30, 31-இல் சேர்பவர்களை மட்டுமாவது அடுத்த மாதம் தாண்டி வரும் 1-ஆம் தேதிக்குத் தள்ளுங்கள். ஜூலை 31-இல் சேர்ந்தவருக்குச் செப்டம்பர் 1, ஒரு நாள் இலவசம், ஜூலை 29 என்றால் மூன்று நாள். ஆளுக்கு ஒரே ஒரு தடவை, யாரும் நஷ்டப்பட்டதாகப் புகார் சொல்ல மாட்டார்கள்.

ரவி_திருப்பூர்:
இது என்னுடைய 28-ஐ விட நல்லது என்று ஒத்துக்கொள்கிறேன், நான் வாடிக்கையாளரிடம் மூன்று நாள் எடுத்துக்கொண்டேன், மாலா கொடுக்கிறார். ஆனாலும் ஒரே தேதி என்பதை விட மாட்டேன். எடுப்பதற்கு 24 மணி நேரம் முன்னால் மெசேஜ் போக வேண்டும் என்பது ரிசர்வ் வங்கி விதி. போன தடவை 31, இந்தத் தடவை 28 என்று மெசேஜ் வந்தால் ஆள் குழம்பிப் போன் அடிக்கிறார். எனக்கு அப்படி வந்திருக்கிறது.

நள்ளிரவு_பேட்ச்:
மாலா மேடம், ஜனவரி 31-இல் சேர்ந்தவரை உங்கள் வழியில் தள்ளினால் அடுத்த வரவு மார்ச் 1. பிப்ரவரி அப்போதும் காலிதான். ஒரே ஒரு தடவை என்பதால் தாங்கிக்கொள்ளலாம், ஆனால் முழுக்கத் தீரவில்லை. ரவி, உங்களிடம் 28-இல் எடுக்கும்போது எத்தனை பேருக்குப் பணம் இல்லாமல் திரும்பியது? எங்களிடம் சம்பளம் வருவதற்கு முந்தைய இரண்டு மூன்று நாளில் எடுத்தால் திரும்புவது கண்கூடாகக் கூடியது, அதே ஆட்களிடம் கடைசி நாளில் எடுத்தபோது குறைந்தது. கடைக்காரர்களுக்கு இது பொருந்துமா என்று நீங்கள்தான் பார்க்க வேண்டும்.

ரவி_திருப்பூர்:
நான் அப்படிப் பிரித்துப் பார்த்ததில்லை. பார்த்துவிட்டு வருகிறேன். ஆனால் கடைக்காரருக்கு ஏது சம்பள நாள், அவருக்கு 28-உம் 31-உம் ஒன்றுதான்.

கடைக்கணக்கு:
அப்படியென்றால் இவருக்கு எவ்வளவு திருப்பித் தர வேண்டும்? மார்ச்சில் இரண்டாவதாக எடுத்த 599-ஐயா?

நள்ளிரவு_பேட்ச்:
தர வேண்டியதில்லை. சரியான தேதிகள் பிப்ரவரி 28, மார்ச் 31, ஏப்ரல் 30. நீங்கள் எடுத்தவை மார்ச் 1, மார்ச் 31, மே 1. மூன்றுக்கு மூன்று, இரண்டு தடவை ஒரு நாள் தாமதம், அவ்வளவே. இந்த இரண்டு வரிசையையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதி அவருக்கு அனுப்புங்கள், வார்த்தையில் விளக்குவதை விட அது புரியும். நங்கூரத்தை 31 என்று திருத்தினால் அடுத்தது மே 31, அது மாறாது, அதற்கடுத்தது ஜூலை 1-க்குப் பதில் ஜூன் 30.

திருத்தும்போது ஒரு எச்சரிக்கை. இப்போது 28 என்று இருப்பவர்களை எல்லாம் மாதக் கடைசிக்காரர்கள் என்று எடுத்துவிடாதீர்கள், உண்மையிலேயே 28-இல் சேர்ந்தவர்களும் அதில் இருப்பார்கள். ஆரக்கிளின் `ADD_MONTHS` அப்படித்தான் எடுத்துக்கொள்ளும்: பிப்ரவரி 28-ஓடு ஒரு மாதம் கூட்டினால் மார்ச் 31 தரும், ஏப்ரல் 30-க்கு மே 31 தரும், மாதத்தின் கடைசி நாளில் இருப்பவர் கடைசி நாளிலேயே இருக்க வேண்டும் என்பது அதன் விதி. தேதியை மட்டும் பார்த்துப் பிரிக்க முடியாது, ஒவ்வொருவருடைய முதல் பில்லின் நேரத்தை எடுத்துத்தான் நங்கூரம் போட வேண்டும்.

கடைக்கணக்கு:
அவருக்கு இரண்டு வரிசையும் அனுப்பினேன், சரி புரிகிறது என்று பதில் வந்துவிட்டது. முதல் பில்லிலிருந்து எடுக்கும் வேலையைத் தொடங்கினேன். பெரும்பாலானவர்களுக்கு நேரம் இருக்கிறது. பழைய மென்பொருளிலிருந்து கொண்டுவந்தவர்களுக்கு மட்டும் தேதிதான் இருக்கிறது, நேரம் இல்லை, அந்தத் தேதி நம் நேரமா யுடிசியா என்பதும் தெரியவில்லை.

தணிக்கை_மாலா:
முதல் ரசீது அவர்களிடம் மெயிலில் இருக்கும், அதில் பேங்க் போட்ட நேரமும் இருக்கும். 29, 30, 31 என்று இருப்பவர்களையும் 28, 1 என்று இருப்பவர்களையும் மட்டும் கேளுங்கள், நடுவில் இருப்பவர்களுக்கு ஒரு நாள் ஆடினாலும் அதே மாதத்துக்குள்தான் இருக்கும்.

ரவி_திருப்பூர்:
அவர்களையாவது 1-ஆம் தேதிக்குத் தள்ளிவிடுங்கள். தெரியாத தேதியை யூகித்துப் போடுவதை விட அது மேல்.

நள்ளிரவு_பேட்ச்:
அவர்களுக்கு மட்டும் என்றால் நானும் ரவி பக்கம். ஆனால் தள்ளுவதற்கு முன்னால் மெசேஜ் போட்டுச் சொல்லிவிடுங்கள், நாளும் முன்னால் இழுக்காமல் பின்னால்தான் போக வேண்டும்.