சாட்ஸ்வொர்த்: டைல் பெட்டி முத்திரையைப் படிக்க உதவி தேவை

அனைவருக்கும் வணக்கம். குழாய் பழுதுபார்ப்பதற்காக எங்கள் சமையலறைத் தரையை உடைக்க வேண்டியிருந்ததால், அதே டைல் இரண்டு சதுர மீட்டர் அளவுக்குத் தேவைப்படுகிறது. கராஜில் எஞ்சியிருந்த பெட்டியின் ஓரத்தைப் படமெடுத்து இணைத்துள்ளேன்.

வடிவமைப்பின் பெயரும் 400 × 400 என்ற அளவும் அச்சில் தெளிவாக உள்ளன. ஆனால் அந்தப் பெயரை மட்டும் வைத்து வாங்கினால் நிறம் பொருந்தும் என்ற உறுதியில்லை. சூளையில் வெந்து வெளிவந்து, தரம் பிரித்த பின்னரே நிறச்சாயலைக் குறிக்கும் ஷேட் எண்ணையும் உண்மையான அளவைக் குறிக்கும் காலிபர் எண்ணையும் பெட்டியில் மையால் குத்துகிறார்கள். அந்த முத்திரையில் 214 என்பதும், அதற்குக் கீழே 07 என்பதும் தெரிகின்றன. அடுத்த இலக்கம் ஈரத்தில் கலைந்து 3 போலவும் 8 போலவும் இருக்கிறது. இவற்றுள் ஷேட் எது, காலிபர் எது? காலிபர் மாறினால் உண்மையான அளவு ஓரிரு மில்லிமீட்டர் வேறுபட்டு, நிறம் ஒத்திருந்தாலும் இணைப்புக் கோடு நேராக வராது.

கைப்பேசிப் படத்தின் நிறத்தை நம்பி ஷேட் சொல்ல இயலாது என்பதால், எண்களை மட்டும் பார்த்துச் சொல்லுங்கள். டைலின் பின்புறத்தில் உள்ள பொறிப்பு டைலை அழுத்தி வடித்த அச்சைக் காட்டுமே தவிர, ஷேட்டைக் காட்டாது.

டர்பன் பகுதியில் எவரிடமாவது இதே முத்திரையுள்ள பெட்டி மீந்திருந்தால், அதன் ஓரத்தைப் படமெடுத்து அனுப்புமாறு கேட்டுக்கொள்கிறேன். வாங்குவதற்கு முன் ஒரு டைலைக் கொண்டுவந்து, பகல் வெளிச்சத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்துக்கொள்வேன்.