கலைச்சொல்: ஓர் ஆர்டருக்கு ஒரே பதிவுதானா என்று பார்க்கும் சோதனைக்கு என்ன பெயர்?

செல்வி:

அனைவருக்கும் வணக்கம். இணையத்தில் கடை நடத்துபவர்களுக்காகத் தமிழில் ஒரு கையேடு எழுதுகிறேன். வாடிக்கையாளர் பணம் கட்டியதும் நன்றிப் பக்கம் திறக்கும், அதிலுள்ள கன்வர்ஷன் டேக் ஒரு பதிவை அனுப்பும். ஓர் ஆர்டருக்கு ஒரே ஒரு தடவைதான் அனுப்புகிறதா என்று பார்த்த பிறகே அறிக்கையின் எண்ணை நம்பலாம். அந்தச் சோதனைக்கு ‘இரட்டைப்பதிவுச் சோதனை’ என்று எழுதி வைத்திருக்கிறேன். கன்வர்ஷனை, அதாவது வந்தவர் வாங்குபவராவதை, ‘மாற்றம்’ என்றால் மதமாற்றம் வரை போய்விடுகிறது. டேக் ஃபயர் ஆவதை ‘டேக் சுடுகிறது’ என்று எழுத எனக்கே கை வரவில்லை.

தங்கராசு:

டேக்குக்குத்தான் ‘குறிச்சொல்’ இருக்கிறதே அம்மா. என் வலைப்பூவில் ஒரு பதிவுக்கு ஐந்தாறு குறிச்சொல் போடுகிறேன், ஒரு தொல்லையும் இல்லை. ஏன் ஒன்றோடு நிறுத்த வேண்டும்?

செல்வி:

ஐயா, அது வேறு. இது பக்கத்துக்குள் கண்ணுக்குத் தெரியாமல் ஓடும் நிரல்துண்டு.

பிரகாஷ்:

இதற்குச் சோதனையே வேண்டாமே. கூகுள் ஆட்ஸில் Count என்ற இடத்தில் Every என்பதை One என்று மாற்றினால் இரட்டைப் பதிவு தானாகப் போய்விடும்.

ரஹ்மான்:

பிரகாஷ், பாதி சரி. One என்றால் ஒரு விளம்பரக் கிளிக்குக்கு ஒரு கன்வர்ஷன். விசாரணைப் படிவத்துக்கு அது பொருந்தும். ஆனால் அதே கிளிக்கில் வந்தவர் இன்று ஒரு சேலை, நாளை ஒரு சேலை வாங்கினால் இரண்டாவது விற்பனை கணக்கில் வராது.

செல்வி, உங்கள் சொல்லும் பாதியைத்தான் பிடிக்கிறது. நான் வேலை பார்த்த ஒரு சேலைக் கடையில் ஒரு நாள் பணம் வந்த ஆர்டர் 40. கூகுள் அனலிட்டிக்ஸில் purchase பதிவு 41. ஒன்றுதானே கூட என்று எல்லாரும் விட்டுவிட்டார்கள். நன்றிப் பக்க முகவரியில் ஆர்டர் எண் இருந்ததால் அதை வைத்துப் பிரித்துப் பார்த்தேன். வேறு வேறு ஆர்டர்கள் 31தான். மீதி 10 பதிவும் பக்கத்தைத் திரும்பத் திறந்ததால் வந்தவை. 9 ஆர்டர் பதிவாகவே இல்லை. யூபிஐ செயலியில் பணம் கட்டியவர்கள் கடைப் பக்கத்துக்குத் திரும்பாமலே மூடிவிட்டார்கள். கூடியதும் குறைந்ததும் ஒன்றையொன்று மறைத்துவிட்டன.

திரும்பத் திறந்தால் ஏன் புதிதாக எண்ணியது? நிரலைப் பாருங்கள்:

```
gtag('event', 'purchase', {
  transaction_id: String(Date.now()),
  value: 1850, currency: 'INR'
});
```

transaction_id ஒரே ஆர்டருக்கு ஒரே எண்ணாக இருந்தால்தான் அனலிட்டிக்ஸ் மறுபதிவைத் தள்ளும். இங்கே ஒவ்வொரு தடவையும் அந்த நொடியின் நேரம் போகிறது, அதனால் ஒவ்வொன்றும் புது ஆர்டர். அங்கே கடையின் ஆர்டர் எண்ணை வைத்தோம். வெற்றாக `""` விட்டால் நிலைமை தலைகீழ்: எல்லா விற்பனையும் ஒரே ஆர்டர் என்று நினைத்துச் சுருக்கிவிடும்.

விட்டுப்போனவற்றை, பணம் வந்த செய்தி கிடைத்ததும் கடையின் சர்வரிலிருந்தே அனுப்பினோம். அதே ஆர்டர் எண்ணும், வாடிக்கையாளரின் பிரவுசரை அடையாளம் காட்டும் அதே client_id-யும் போக வேண்டும், இல்லையென்றால் அதுவே புது இரட்டைப் பதிவாகிவிடும்.

தங்கராசு:

இப்போது புரிகிறது தம்பி. மொய் நோட்டில் ஒருத்தர் பெயரை இரண்டு தடவை எழுதி, இன்னொருத்தரை விட்டுவிட்டால் தலைக்கணக்கு சரியாகத்தான் வரும். பெயர் பெயராகப் பார்த்தால்தான் தெரியும். ‘ஒன்றுக்கொன்று சோதனை’ என்று வைக்கலாமே?

பிரகாஷ்:

‘ஒன்றுக்கொன்று’ என்றால் தமக்குள் என்று படித்துவிடுவார்கள் ஐயா. ஒரு சந்தேகம்: பிரவுசரின் Network பகுதியில் collect என்று வடிகட்டி, ஒரு சோதனை ஆர்டர் போட்டு, `en=purchase` ஒரு தடவை வருகிறதா என்று பார்த்தால் போதாதா?

ரஹ்மான்:

அது முதல் படி. வந்ததும் பக்கத்தை ரெஃப்ரெஷ் பண்ணுங்கள். மறுபடி வந்தால் `ep.transaction_id` முன்பு இருந்ததேதானா என்று பாருங்கள். அப்புறம் போனில் யூபிஐ வழியாகக் கட்டி, திரும்பி வராமல் விட்டுப் பாருங்கள். தீமில் நேரடியாக ஒரு டேக், டேக் மேனேஜரில் இன்னொன்று என்று இருந்தால் முதல் ஆர்டரிலேயே இரண்டு வரிகள் தெரியும். ஆனால் இது உங்கள் பிரவுசர் கதைதான். விளம்பரத் தடுப்பான் போட்டவர்களின் கதை அதில் தெரியாது. அதற்குக் கடையின் ஆர்டர் பட்டியலோடு எண் எண்ணாகப் பார்க்கத்தான் வேண்டும்.

செல்வி:

சரி, சோதனைக்கு ‘ஒருபதிவுச் சோதனை’. கூடினால் ‘மிகைப்பதிவு’, விட்டுப்போனால் ‘விடுபதிவு’. கன்வர்ஷனுக்குப் ‘பலன்’ எப்படி?

தங்கராசு:

‘பலன்’ என்றால் ராசிபலன் நினைவு வருகிறது. ‘ஈடேற்றம்’?

பிரகாஷ்:

‘ஈடேற்ற அறிக்கை’ என்று கடைக்காரரிடம் சொன்னால் யாருக்கு மோட்சம் என்று கேட்பார்.

செல்வி:

இந்தப் பதிப்பில் ‘கன்வர்ஷன்’ என்றே விடுகிறேன். ‘விடுபதிவு’ யாருக்காவது உறுத்தினால் வெள்ளிக்கிழமைக்குள் சொல்லுங்கள், சனிக்கிழமை அச்சுக்குப் போகிறது.