அம்மாவின் போன் உருதுவுக்குப் போய்த் திரும்பி வந்த கதை

பாலக்கோட்டுப் பெண் (இப்போது கிருஷ்ணகிரி):

போன வாரம் நடந்தது. அம்மா பாலக்கோட்டில் இருக்கிறார், நான் கிருஷ்ணகிரியில் வேலை பார்க்கிறேன். காலையில் பக்கத்து வீட்டுக்காரர் போனிலிருந்து அம்மா கூப்பிட்டார். "கண்ணு, என் போன்ல எழுத்தெல்லாம் மாறிப்போச்சு. மசூதி வாசல்ல எழுதியிருக்கிற மாதிரி இருக்குது. குட்டிப் பையன் வச்சிக்கிட்டு இருந்தான், என்ன அழுத்தினான்னு தெரியல" என்றார்.

எனக்கும் அம்மாவுக்கும் ஒரே மாடல் போன்தான், பொங்கலுக்குச் சேர்த்து வாங்கினோம். அதனால் என் போனைக் கையில் வைத்துக்கொண்டு வழி சொன்னேன். "மேலேருந்து ரெண்டு தடவை கீழே இழுங்கம்மா, கீழே வலது மூலையில பல்சக்கரம் இருக்கும்" என்றேன். "வலது பக்கம் ஒண்ணும் இல்ல, இடது மூலையிலதான் சக்கரம் இருக்குது" என்றார். அங்கேதான் எனக்கு விஷயம் புரிந்தது. எழுத்து மட்டும் மாறவில்லை, திரையே கண்ணாடியில் பார்க்கிற மாதிரி இடம் வலமாகத் திரும்பியிருந்தது. 'பின்னால் போ' பட்டனும் வலது பக்கம் போய்விட்டது. அம்மா பழக்கத்தில் இடது பக்கம் அழுத்த, திறந்து வைத்த ஆப்கள் எல்லாம் வரிசையாக வந்து நின்றன. பயந்துவிட்டார்.

என் போனையும் அதே மொழிக்கு மாற்றிப் பார்த்துவிட்டேன். ஆனால் மாற்றும் முன் ஒவ்வொரு திரையாக நின்று, எத்தனையாவது வரி, பக்கத்தில் என்ன படம் என்று தாளில் எழுதிக்கொண்டேன். அது இல்லாமல் மாற்றியிருந்தால் இரண்டு போனும் போயிருக்கும். மொழி மாறினாலும் மேலிருந்து கீழே வரிசை மாறவில்லை, அதுதான் என்னைக் காப்பாற்றியது. எங்கள் போனில் செட்டிங்ஸின் கடைசிப் பகுதியில் வட்டத்துக்குள் 'i' போட்ட வரி. அதற்குள் முதல் வரி, பூமி உருண்டைப் படம். அதற்குள்ளும் முதல் வரி. அப்புறம் இரண்டே மொழி உள்ள பட்டியல்: மேலே اردو, கீழே தமிழ்.

"அம்மா, 'தமிழ்'னு தமிழ்லயே எழுதியிருக்கா?"

"ஆமா கண்ணு, இருக்குது!"

அந்தக் குரலை மறக்க மாட்டேன். ஒரு பக்கம் முழுக்கப் படிக்கத் தெரியாத எழுத்து, நடுவில் நம்ம எழுத்து ஒரே ஒரு சொல். தமிழ் வரியின் ஓரத்தில் இரண்டு கோடு போட்ட பிடி ஒன்று இருக்கும். அதை விரலால் பிடித்து மேலே இழுத்து முதல் இடத்தில் விட வேண்டும். முதல் இரண்டு தடவை அம்மா பாதியில் விரலை எடுத்துவிட்டார், வரி பழைய இடத்துக்கே போய்விட்டது. மூன்றாவது தடவை திரை ஒரு முறை சிமிட்டித் தமிழுக்கு வந்தது.

உங்களுக்கு இப்படி நடந்திருக்கிறதா? வேறு வழி இருந்தால் சொல்லுங்கள்.

ஓசூர் ஓட்டுநர்:

எனக்கு அத்திப்பள்ளி ஏடிஎம்மில் நடந்தது. அவசரத்தில் கன்னடத்தை அழுத்திவிட்டேன். வீட்டில் பேசுவதே கன்னடம்தான், ஆனால் ஒரு எழுத்து படிக்கத் தெரியாது. கேன்சல் அழுத்திக் கார்டை எடுத்து மறுபடி போட்டேன், மொழி கேட்டது. பின்னால் நின்றவர் படித்துச் சொன்னார், ஆனால் பின் நம்பர் போடும்போது அடுத்தவரைப் பக்கத்தில் வைத்துக்கொள்ள எனக்கு மனசு வரவில்லை.

காவேரிப்பட்டணத்துக்காரர்:

இவ்வளவு சுற்ற வேண்டாம். செட்டிங்ஸில் மேலே தேடும் பெட்டி இருக்கிறது. அதில் language என்று ஆங்கிலத்தில் அடித்தால் நேராக அந்த இடம் வந்துவிடும். நான் இந்தியில் மாட்டியபோது அப்படித்தான் வந்தேன்.

பாலக்கோட்டுப் பெண்:

என் போனில் செய்து பார்த்தேன் அண்ணா. உருதில் இருக்கும்போது language என்று அடித்தால் ஒன்றுமே வரவில்லை. அம்மாவுக்கு ஆங்கிலம் அடிக்கவும் வராது.

மொபைல் சர்வீஸ், தர்மபுரி:

சில போனில் வரும், சில போனில் வராது, நம்பி இறங்க முடியாது. வாரத்துக்கு ஒருவராவது இதற்காக என் கடைக்கு வருகிறார்கள், அதனால் கொஞ்சம் சொல்கிறேன்.

எல்லா போனிலும் மொழிப் பட்டியலில் ஒவ்வொரு மொழியின் பெயரும் அந்தந்த எழுத்திலேயே இருக்கும். அந்தப் பக்கம் வரை போய்விட்டால் போதும், படிக்கத் தெரிந்த ஒரு சொல் கிடைத்துவிடும். போகும் வழி மட்டும் கம்பெனிக்குக் கம்பெனி மாறும். சாம்சங்கில் 'i' வரிக்குள் தேடினால் கிடைக்காது. 'பொது நிர்வாகம்' என்ற வரிக்குள் முதல் வரி மொழிதான். அதனால் அதே மாடல் போன் இன்னொன்று பக்கத்தில் இருப்பது பெரிய உதவி. இல்லாவிட்டால் வேறு யாராவது போனில் கூகுள் லென்ஸைத் திறந்து இந்தத் திரைக்கு நேரே காட்டுங்கள், எழுத்தின் மேலேயே தமிழில் காட்டும். மொழிபெயர்ப்பு கொஞ்சம் முன்னே பின்னே இருக்கும், வரியைக் கண்டுபிடிக்கப் போதும்.

அம்மாவைப் பூமி உருண்டை வரியோடு நிறுத்தியது நல்லது. அதே பக்கத்தில் கடைசியாக இருப்பது ரீசெட். தெரியாத எழுத்தில் எதையாவது அழுத்தி, வருகிற பெட்டியில் எல்லாம் சரி கொடுத்துக்கொண்டே போய்ப் படங்களை இழந்தவர்களைப் பார்த்திருக்கிறேன்.

திரை வேலை செய்கிறது, தேடத்தான் முடியவில்லை என்றால் கம்ப்யூட்டரில் கேபிள் போட்டு இந்த ஒரு வரி கொடுப்பேன். மொழிப் பட்டியல் நேராகத் திறக்கும்:

```
adb shell am start -a android.settings.LOCALE_SETTINGS
```

யூஎஸ்பி டீபக்கிங் முன்பே போட்டு வைத்திருந்தால்தான் இது ஓடும். வீட்டுப் பெரியவர்கள் போனில் அது இருக்காது, அதனால் கடையில் நான் பெரும்பாலும் விரலால்தான் செய்கிறேன்.

கிருஷ்ணகிரி பழையபேட்டை:

உருது என்றால் எங்கள் தெருவில் எந்த வீட்டுக் கதவைத் தட்டினாலும் படித்துச் சொல்லியிருப்பார்களே! அடுத்த தடவை வீடியோ காலில் அந்தத் திரையைக் காட்டுங்கள், என் அம்மா வரி வரியாகப் படிப்பார்.

ஊத்தங்கரை ஆசிரியை:

எனக்கும் போன மாதம் இதே பிரச்சினை. வாட்ஸப்பில் அடித்தால் எல்லாம் இந்தியில் வந்தது. ஸ்பேஸ் பாரை அழுத்திப் பிடித்ததும் பட்டியல் வந்தது, தமிழைத் தேர்ந்தெடுத்தேன், சரியாகிவிட்டது.

மொபைல் சர்வீஸ், தர்மபுரி:

டீச்சர், உங்களுக்கு மாறியது கீபோர்டு மட்டும். மெனு தமிழிலேயே இருந்திருக்கும். ஸ்பேஸ் பாரைப் பிடித்தால் மெனு மொழி மாறாது.

அரூர் விவசாயி:

பட்டன் போனுக்கு யாரும் சொல்லவில்லையே. என் அப்பாவின் பழைய நோக்கியா ஒருமுறை தெலுங்குக்குப் போய்விட்டது. *#0000# அடித்தேன், ஆங்கிலத்துக்கு வந்துவிட்டது.

காவேரிப்பட்டணத்துக்காரர்:

நானும் என் நோக்கியாவில் அதே எண்ணை அடித்தேன், மாடல் பெயரும் ஏதோ எண்களும் வந்தன. மொழி மாறவே இல்லை.

அரூர் விவசாயி:

உங்களுடையது எந்த மாடல்? அப்பாவின் போன் ரொம்பப் பழையது, டார்ச் வைத்தது.

பாலக்கோட்டுப் பெண்:

ஞாயிற்றுக்கிழமை ஊருக்குப் போயிருந்தேன். அந்தப் பட்டியலில் உருது இரண்டாவது இடத்தில் அப்படியே இருந்தது. மேலே மூன்று புள்ளியைத் தொட்டு, நீக்கு கொடுத்து, டிக் போட்டுக் குப்பைத்தொட்டியை அழுத்தி எடுத்துவிட்டேன். இனி பையன் விரல் பட்டாலும் பட்டியலில் தமிழ் மட்டும்தான். பழையபேட்டை அக்கா, உங்கள் அம்மாவிடம் என் நன்றியைச் சொல்லுங்கள். நான் எழுதி வைத்த தாளை அம்மா காலண்டருக்குப் பின்னால் சொருகி வைத்திருக்கிறார்.