ஞாயிறுக்குள்ள அட்வான்ஸ் தந்தா பரப்புக்கு ரெண்டு இலட்சம் குறைவாம்: நான் வேண்டாம் எண்ட கதை

கிணத்தடி:
கொக்குவிலில 2 பரப்புக் காணி ஒண்டு பாக்கப் போன வெள்ளிக்கிழமை போனனான். ரெண்டு தென்னை, மூலையில பழைய கிணறு, ஒழுங்கையும் கார் போகக்கூடிய அகலம். பிடிச்சுத்தான் இருந்தது. தரகர் தம்பி பரப்பு 24 எண்டு தொடங்கினவர், நான் கிணத்தை எட்டிப் பாத்துக்கொண்டு நிக்கேக்க, "அக்கா, ஞாயிறுக்குள்ள ரெண்டு இலட்சம் அட்வான்ஸ் வச்சா 22க்குத் தருவினம். திங்கள் கனடாவில இருந்து ஒருத்தர் காசு போடுறார், பேந்து என்ர கையில இல்லை" எண்டார். மொத்தத்தில 4 இலட்சம் மிச்சம். நெஞ்சு கொஞ்சம் அடிச்சது, பொய் சொல்லேல்லை.

ரசீதுப் புத்தகத்தை மோட்டச்சைக்கிள் சீற்றில வச்சு விரிச்சிட்டார். தொகை ஏற்கெனவே எழுதியிருந்தது, பேர் மட்டும் வெறுமை. முன்னம் கிழிச்ச தாளில அழுத்தி எழுதின தடமும் கீழ்த்தாளில தெரிஞ்சது, அதே தொகை மாதிரி. வேற காணிக்கா இருக்கலாம், எனக்குத் தெரியாது.

நான் சொன்னது இவ்வளவுதான்: "தம்பி, விலையைக் குறைச்சதுக்குச் சந்தோசம். ஆனா தோம்பு பாக்காமல் ஒரு சதமும் தரமாட்டன். ஒரு கிழமை வேணும். அதுக்குள்ள ஆரும் எடுத்தா எடுக்கட்டும்." அவர் உடன ஒரு இலட்சத்துக்கு இறங்கினார், பேந்து ஐம்பது, கேற்றடிக்கு வரேக்க இருபத்தஞ்சாயிரம். அவர் இறங்க இறங்க எனக்குத்தான் பிடி இறுகினது. நல்ல காணிய வேற ஆள் எடுக்கப் போறார் எண்டா இருபத்தஞ்சாயிரத்துக்காக ஏன் கேற்றடி வரைக்கும் வாறார்?

வீட்டில அம்மா ரெண்டு நாளாக் கதைக்கேல்லை. இப்பிடி ஆருக்கும் நடந்திருக்கோ?

சுன்னாகத்தான்:
அக்கா, பயப்பிடாமல் குடுத்திருக்கலாம். ரசீதில முத்திரை ஒட்டி, காணி விபரம், விலை, ரெண்டு சாட்சிக் கையெழுத்து எல்லாம் போட்டா அது சட்டப்படி செல்லும். நான் என்ர மரக்காலைக் கடைக்கு அப்பிடித்தான் அட்வான்ஸ் குடுத்தனான், ஒரு பிரச்சினையும் வரேல்லை.

பழைய கிளாக்கர்:
தம்பி சொன்னதில பாதி சரி. காசு குடுத்ததுக்கு ரசீது சாட்சி, திருப்பிக் கேட்டு வழக்காடலாம். ஆனா அந்தக் காணியை அந்த விலைக்கு எழுதித் தா எண்டு கேட்க அது போதாது. 1840ஆம் ஆண்டின் 7ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம் இண்டைக்கும் இருக்கு: காணி விற்பனையும் விற்கிற உடன்படிக்கையும் நொத்தாரிசுக்கு முன்னால ரெண்டு சாட்சியோட எழுதினாத்தான் செல்லும். எத்தனை முத்திரை ஒட்டினாலும் ரசீது உறுதியாகாது. உங்கட கடை விசயத்தில ஒண்டும் நடக்காதது, வித்தவர் நேர்மையான ஆள் எண்டபடியால். 31 வருசம் நொத்தாரிசு ஒருத்தரிட்ட வேலை செய்தனான், ரசீதை மட்டும் கையில வச்சுக்கொண்டு வந்து நிண்ட சனத்தை நிறையக் கண்டனான்.

பிள்ளை, அடுத்த முறை தரகர் வந்தா இப்பிடிக் கேளுங்கோ: "22க்குச் சம்மதம். திங்கட்கிழமையே என்ர சட்டத்தரணியிட்ட ஒப்பந்த உறுதி எழுதுவம். தோம்பில வில்லங்கம் இருந்தா காசு திரும்பும் எண்டு ஒரு நிபந்தனை போடுவம்." உண்மையான கழிவு எண்டா விக்கிறவர் வந்து கையெழுத்து வைப்பார். தரகரால மட்டும் அது ஏலாது. கையெழுத்து வைக்கிறவர் சொந்தக்காரரோ, அற்றோனித் தத்துவக்காரரோ எண்டது அந்த ஒரு கேள்வியிலயே வெளிச்சிடும். தத்துவம் தந்தவர் உயிரோட இருக்கிறாரோ எண்டும் கேளுங்கோ. அவர் செத்தால் தத்துவமும் அதோட முடிஞ்சுது.

வெள்ளவத்தை ராணி:
எனக்கும் இதே கதைதான், காணியில்லை, தொடர்மாடி. "இந்தக் கிழமை புக் பண்ணினா ஏசி ரெண்டு இலவசம்" எண்டாங்கள். ஏசிக்காக நானும் மனிசனும் ஒரு இரவு முழுக்கச் சண்டை. பேந்து தம்பி ஒருத்தன்தான் கேக்கச் சொன்னான், தொடர்மாடித் திட்டப்படம் பதிஞ்சாச்சோ எண்டு. பதியேல்லை. அது பதிஞ்சாத்தான் ஒவ்வொரு வீட்டுக்கும் தனி உறுதி வரும். "அது வரும் அக்கா" எண்டாங்கள். அப்ப நானும் வரும்போது வாறன் எண்டு சொல்லிப்போட்டு வந்திட்டன். வேற ஒரு நியாயமும் சொல்லேல்லை, கனக்கக் கதைச்சா ஒவ்வொண்டுக்கும் ஒரு பதில் வச்சிருப்பினம்.

லண்டன் மாமா:
அந்தக் கொக்குவில் காணி இன்னும் இருக்கோ? 22 எண்டா நான் எடுப்பன். தரகற்ற நம்பர் இருக்கோ?

கிணத்தடி:
மாமா, கேட்டது அது இல்லை. 😅

கிளாக்கர் ஐயா சொன்னதைச் செய்தன். தரகர் தம்பிக்கு ஃபோன் போட்டு ஒப்பந்த உறுதி எழுதுவம் எண்டன். ஒரு நிமிசம் பேசேல்லை, பேந்து "கேட்டுச் சொல்றன்" எண்டார். அதுக்கிடையில தெரிஞ்ச சட்டத்தரணி காணிப் பதிவகத்தில தோம்பு எடுத்துப் பாத்தவ. உறுதியில இருக்கிறது முழுக்காணியின்ர பிரிபடாத பாதியாம். மற்றப் பாதி விக்கிறவற்ற தமக்கை பேரில, அவ கனடாவில. இப்ப காட்டினது "இதுதான் எங்கட பங்கு" எண்டு அவை கையால காட்டின துண்டு, சேவே பிளான் பிரிச்சு எழுதின துண்டு இல்லை. பங்காளி அறியாமல் எழுதினா தேசவழமையில முன்வாங்கு உரிமை எண்டு ஒண்டு இருக்காம், தமக்கை வந்து அதே விலைக்குத் தனக்குத் தா எண்டு வழக்குப் போடலாமாம்.

செலவும் போட்டுக் காட்டினவ. தம்பி "பதியிற செலவு எல்லாம் ஐம்பதாயிரத்துக்குள்ள" எண்டவர். 44 இலட்சத்துக்கு முத்திரை வரி மட்டும், முதல் இலட்சத்துக்கு 3 வீதம், மிச்சத்துக்கு 4 வீதம், கூட்டினா 1,75,000. மதிப்பீட்டில விலை கூட வந்தா இன்னும் கூடும். 4 இலட்சம் மிச்சம் எண்ட சந்தோசம் அதோட பாதி போச்சு.

பழைய கிளாக்கர்:
முன்வாங்கு உரிமை 1947 சட்டம். எல்லாப் பங்காளியும் அதை நடத்திறேல்லை, ஆனா விக்கிறதுக்கு முன்னம் அறிவித்தல் குடுக்கவேணும். தமக்கை கலியாணம் கட்டினவ எண்டா, அவவின்ர பங்கை எழுதப் புருசன்ர எழுத்துச் சம்மதமும் கேப்பினம். எல்லாம் நடக்கக்கூடியது. ஞாயிறுக்குள்ள நடக்காது.

சுன்னாகத்தான்:
ஐயா, நான் ரசீது கதையைத் திருத்திக்கொள்றன். ஆனா எல்லாத்துக்கும் இப்பிடிக் குடைஞ்சுகொண்டிருந்தா ஒரு காணியும் வாங்க ஏலாது. என்ர மச்சான் ஆறு வருசமாப் பாத்துக்கொண்டு இருக்கிறான், விலை எங்க போட்டுது. அவசரமும் பிழை, ஆறு வருசமும் பிழை.

வெள்ளவத்தை ராணி:
சுன்னாகத்தான் சொல்றதிலயும் ஒரு நியாயம் இருக்கு. நான் வேண்டாம் எண்ட தொடர்மாடியில இப்ப சனம் இருக்குது. தனி உறுதி கிடைச்சுதோ எண்டு விசாரிக்கேல்லை, எரிச்சல் வரும் எண்டு.

கிணத்தடி:
திங்கள் போய் இண்டைக்குப் புதன். தம்பி காலமை எடுத்து, "கனடாக்காரர் பிந்துறார் அக்கா, கழிவை மாத முடிவு வரைக்கும் நீட்டியிருக்கினம்" எண்டார். தமக்கையின்ர சம்மதக் கடிதமும் பிரிச்ச சேவே பிளானும் வந்தா 22க்கு நான் இருக்கிறன் எண்டன். "பாப்பம்" எண்டு வச்சிட்டார். அம்மா இண்டைக்குத்தான் முதல் தடவை, "கிணத்துத் தண்ணி உப்போ எண்டு பாத்தனியே?" எண்டு கேட்டவ. பாக்கேல்லை. சனிக்கிழமை ஒரு போத்தலோட போகவேணும்.